பட்டன் போனில் *99# வழியே பணம் அனுப்பியது

என் மாமனாரிடம் இருப்பது இணைய வசதி இல்லாத பட்டன் போன். உரக்கடைக்குத் தர வேண்டிய 850 ரூபாயை அதிலிருந்தே அனுப்ப விரும்பினார். இந்தியாவில் இதற்கென உள்ள *99# சேவை யுபிஐ கட்டமைப்பின்மேல் இயங்குகிறது. எண்களாகத் தரும் பதில்கள் டேட்டா வழியாகச் செல்லாமல், அழைப்பை இணைக்கும் சமிக்ஞைத் தடத்தில் செல்வதால் சாதாரண சிக்னலே போதும். ஆனால் ஒரு முறைக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது.

முதல்முறைப் பதிவுக்குத்தான் நேரம் பிடித்தது. அவரது போனில் இரண்டு சிம்கள் இருந்தன. வங்கிக் கணக்கில் பதிவான சிம்மிலிருந்து அழைத்தால்தான் கணக்கு தெரியும் என்பதால் அதையே தேர்ந்தெடுத்து, *99# அழுத்தினோம். வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டின் முதல் நான்கு எழுத்துகளைக் கேட்டது. இந்தியன் வங்கி என்றால் IDIB. ஒரே பொத்தானைப் பலமுறை தட்டி எழுத்துகளை வரவழைப்பதற்குள் நேரம் கடந்து திரை மூடிக்கொள்ளும் என்பதால், குறுஞ்செய்திப் பெட்டியில் ஒருமுறை தட்டிப் பழகிக்கொள்வது நல்லது. பின்னர் கணக்கைத் தேர்ந்து, ஏடிஎம் அட்டையின் கடைசி ஆறு இலக்கங்களையும் காலாவதி மாத, ஆண்டையும் கொடுத்து யுபிஐ பின்னை அமைத்தோம்.

பணம் அனுப்ப மீண்டும் *99# அழுத்தி, பட்டியலில் 1, அடுத்து மொபைல் எண்ணுக்கு அனுப்ப மறுபடியும் 1 என்று தேர்ந்து, கடைக்காரரின் எண்ணை இட்டோம். அந்த எண் யுபிஐயில் பதிவாகியிருந்ததால் அவர் பெயர் திரையில் வந்தது. தவறான ஆளுக்குப் பணம் போகாமல் தடுக்க இங்கே நமக்குக் கிடைப்பது அந்தப் பெயர் ஒன்றுதான் என்பதால், அதை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். தொகையை இட்டு, குறிப்பு வேண்டாம் என்பதற்கு 1 கொடுத்ததும் பின்னைக் கேட்டது. செயலிகளில் புள்ளிகளாக மறைவதுபோல் இங்கே மறைவதில்லை. இலக்கங்கள் அப்படியே தெரிகின்றன. ஆகவே கடை மேசையில் நின்று இதைச் செய்வதைவிடச் சற்று விலகி நின்று செய்வதே சரி.

பின்னை அனுப்பியதும் இணைப்பு அறுந்து, பிழைச் செய்தி ஒன்று மட்டும் வந்தது. பணம் போனதா இல்லையா என்பதை அந்தச் செய்தியை வைத்து முடிவு செய்ய முடியாது, ஏனெனில் அறுந்தது நமக்கும் சேவைக்கும் இடையிலான உரையாடல். நாம் இட்ட பின் எண் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கலாம். உடனே மறுபடி அனுப்பினால் இரட்டைப் பணம் போகக்கூடும். அதனால் *99# அழுத்தி 3-ஐத் தேர்ந்து இருப்பைப் பார்த்தோம். 850 ரூபாய் குறைந்திருந்தது. வங்கியின் குறுஞ்செய்தி பிறகுதான் வந்தது. கடைக்காரரும் தம் கணக்கில் வரவைப் பார்த்துவிட்டே பாக்கியை அடித்தார்.