ஜாக்கெட் தோள் நழுவினதும் நூறு டாலரும்

என் முதல் வீடியோவில் என் குரலைவிட பக்கத்து அறையில் ஓடிய பாட்டுதான் நன்றாகக் கேட்கும். 2022 ஜனவரி. திண்டுக்கல் பக்கம் சின்னாளபட்டியில் எங்கள் வீட்டு ஹாலில், ஜன்னலை ஒட்டித்தான் மெஷின். ஸ்டாண்ட் வாங்கக் காசு செலவழிக்க மனசில்லாமல், துணி காயப்போடும் கம்பியில் செல்போனை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, கீழே பார்த்தபடி தொங்கவிட்டு, லைனிங் ஜாக்கெட் வெட்டுவதை எடுத்தேன். மறுநாளே யூடியூபிலிருந்து அறிவிப்பு. அந்த சினிமா பாட்டுக்கு உரிமையாளர் இருக்கிறார், இந்த வீடியோவில் விளம்பரம் வந்தால் பணம் அவருக்குத்தான் என்று. வந்ததே பதினாலு பேர், அதில் ஆறு பேர் என் தங்கச்சி. பணத்துக்கு எங்கே போவது!

வீட்டிலிருந்தபடி தைத்துக் கொடுத்துக்கொண்டு எட்டு வருஷம் ஆகியிருந்தது. லைனிங் வைத்த ஜாக்கெட் 250 ரூபாய், சாதா 120. தெருவிலும் உறவிலும் கொண்டுவந்து கொடுப்பார்கள், பாதிப் பேர் அடுத்த மாசம் தருகிறேன் என்பார்கள். வீடியோ போடலாம் என்று சொன்னது தங்கச்சிதான். எனக்கு இருந்த பெரிய சந்தேகம் முகம் காட்டுவதோ பேசுவதோ இல்லை (முகத்தைக் காட்டவே இல்லை, கையும் கத்தரிக்கோலும்தான்). எட்டு வருஷம் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டதை எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டால், அப்புறம் என்னிடம் யார் துணி கொண்டுவருவார்கள்? இதை அத்தையும் கேட்டார். "தொழிலை தெருவுல வச்சிட்டு நீ என்ன பண்ணப் போறே?" எனக்குப் பதில் தெரியவில்லை.

முதல் ஆறு மாசம் எடுத்ததெல்லாம் எல்லாரும் எடுக்கிற வீடியோதான். அளவு ஜாக்கெட்டை வைத்து வெட்டுவது, கை வைப்பது, பைப்பிங் வைப்பது. படமும் மோசம். மெரூன் துணியில் மெரூன் நூல் போட்டுத் தைத்தால் தையல் எங்கே போகிறது என்று திரையில் எதுவுமே தெரியாது என்பது நாலாவது வீடியோவுக்குப் பிறகுதான் உறைத்தது. அதிலிருந்து வெளிர் காடாத் துணி, சிவப்பு நூல். மெஷின் சத்தத்தில் பேச்சு அமுங்கியதால், தைத்து முடித்து, ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு போர்வைக்குள் உட்கார்ந்து தனியாகக் குரல் பதிவு செய்தேன்.

விளம்பரப் பணம் வர ஒரு கணக்கு உண்டு. ஆயிரம் சந்தாதாரர்கள் வேண்டும், கூடவே கடைசி 365 நாளில் மக்கள் நம் வீடியோக்களைப் பார்த்த நேரம் 4,000 மணி வேண்டும். ஆயிரம் பேர் என்பதுதான் மலைபோலத் தெரிந்தது, ஆனால் அது ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. சாயங்கால வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோர்க்கும் ஒரு சின்ன வித்தையை நாற்பது நொடி ஷார்ட்ஸாகப் போட்டேன், இரண்டு லட்சம் பேர் பார்த்து, எழுநூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். அன்றைக்கு வீட்டில் கேசரி கிண்டினேன். அப்புறம் பார்த்தால் மணிக் கணக்கு அப்படியே நிற்கிறது. ஷார்ட்ஸ் வரிசையில் பார்க்கிற நேரம் அந்த 4,000 மணியில் சேராது, அதற்குத் தனி வழி, தொண்ணூறு நாளில் ஒரு கோடி பார்வை. கேசரி வீண்.

நாலாயிரம் மணி என்றால் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் நிமிஷம். என் வீடியோவை ஒருவர் சராசரியாக நாலரை நிமிஷம் பார்க்கிறார் என்றால் ஐம்பத்து மூவாயிரத்துக்கு மேல் பார்வை வேண்டும். என் வீட்டுக்காரர் இதைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டு, வேறு எதுவும் சொல்லாமல் பேப்பரை மடித்து வைத்தார். அவர் கிண்டல் பண்ணியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்தக் கணக்கு மாறினது ஒரு கெட்டுப்போன ஜாக்கெட்டால். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர், அவருடைய மகள் நிச்சயதார்த்தத்துக்கு, பின்கழுத்து ஒன்பது இஞ்சு இறக்கம் வேண்டும் என்றார். மார்புச் சுற்று 36. முழு சோல்டர் பதினாலு, பாதி ஏழு என்று எப்போதும் போலவே வெட்டிவிட்டேன். போட்டுப் பார்த்தால் தோள் இரண்டும் கைப்பக்கம் நழுவுகிறது, பின்கழுத்து வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. நாளைக்கு விசேஷம்.

சாதா கழுத்தில் இரண்டு தோளையும் பின்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது முதுகின் மேல்பக்கத் துணிதான். இறக்கம் அதிகமானால் அந்தத் துணியே இல்லை, அப்புறம் எதைப் பிடித்துக்கொண்டு தோள் நிற்கும்? அதனால் இறக்கக் கழுத்துக்கு வெட்டும்போதே ஏழு என்பதை ஆறரையாகக் குறைக்க வேண்டும். இன்னொன்று, கழுத்து வளைவில் துணி பாதி கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக விழுகிறது, அது கை பட்டாலே இழுபடும். வெட்டின உடனே, ஓரத்திலிருந்து கால் இஞ்சு உள்ளே ஒரு ஓட்டுத் தையல் போட்டு வளைவைக் கட்டிவிட வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. முன்னே தைத்த இறக்கக் கழுத்துகளுக்கெல்லாம் பின்னால் நாட் கயிறு வைத்து இழுத்துக் கட்டியிருந்தார்கள், என் தப்பை நாட் மறைத்துவிட்டது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

தைத்து முடித்த ஜாக்கெட்டைக் காப்பாற்ற ஒரு வழிதான் இருந்தது. கையைப் பிரிக்காமல், தோள் தையலை மட்டும் பிரித்து, கழுத்துப் பக்கம் கூடுதலாகக் கால் இஞ்சு பிடித்து, கைப்பக்கம் வரும்போது பழைய தையலிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தேன். கால் இஞ்சு என்றால் முன்துணியிலும் பின்துணியிலும் போவதால் அரை இஞ்சு குறையும், கழுத்து மேலே ஏறி முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் பிடித்தால் முன்கழுத்தில் சுருக்கம் விழும். சரியாகிவிட்டதா என்று பார்க்க, போட்டுக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி இறக்கச் சொல்ல வேண்டும். தோள் தானாகப் பழைய இடத்துக்கு வந்தால் சரி. வராவிட்டால் சோல்டரே அகலம், அதற்குக் கையைப் பிரித்தே ஆக வேண்டும்.

அன்று ராத்திரி இதையெல்லாம் செய்தபோது வீடியோ எடுக்கத் தோன்றவில்லை, அழாமல் இருந்ததே பெரிசு. பத்து நாள் கழித்து காடாத் துணியில் அதே தப்பை வேண்டுமென்றே செய்து, அதே மாதிரி திருத்தி, பதினோரு நிமிஷ வீடியோவாகப் போட்டேன். "ஜாக்கெட் தோள் நழுவுதா? பிரிக்காம சரி பண்ணலாம்" என்று தலைப்பு. தோள் தையலைப் பிரிக்கிறோமே, அப்புறம் எப்படி பிரிக்காமல் என்று ஒருவர் சண்டைக்கே வந்தார், அவர் சொன்னதும் நியாயம்தான், தலைப்பில் 'கையைப்' என்று சேர்த்தேன். அந்த ஒரு வீடியோ ஐந்து மாசத்தில் முப்பத்தெட்டாயிரம் பார்வை. புதுசாகத் தைக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பாதியில் போய்விடுகிறார்கள், ஆனால் கெட்டுப்போன ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் கடைசிவரை பார்க்கிறார்கள், திரும்ப ஓட்டியும் பார்க்கிறார்கள்.

நடுவில் ஒரு முட்டாள்தனம். உறவில் ஒருவர் கல்யாண வீட்டில் என் பழைய வீடியோவை எல்லாருக்கும் போட்டுக் காட்டிச் சிரித்தார். அந்த ஆத்திரத்தில் வீட்டுக்கு வந்து பழைய வீடியோ ஏழையும் யாரும் பார்க்க முடியாதபடி மூடி வைத்தேன். ஓரிரண்டு நாளில் 3,100 இருந்த மணி 2,600 ஆகிவிட்டது. பொதுவில் இருக்கிற வீடியோவின் நேரம் மட்டும்தான் கணக்கில் வரும் என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். மறுபடி திறந்துவிட்டேன். சிரிக்கிறவர்களும் பார்த்த நேரத்தில் சேர்த்திதானே.

2023 பிப்ரவரியில் 4,000 தாண்டி, மார்ச்சில் விளம்பரம் வரத் தொடங்கியது. பத்து டாலர் சேர்ந்ததும் வீட்டு முகவரியைச் சரிபார்க்க, விளம்பரப் பணத்தைக் கொடுக்கும் கூகுளின் ஆட்சென்ஸிலிருந்து தபாலில் ஒரு ரகசிய எண் வரும். எங்கள் வீட்டுக்குப் பழைய எண் 14, புதிய எண் 37. நான் ஆதாரில் உள்ளபடி பழைய எண்ணைக் கொடுத்திருந்தேன். அது வரவே இல்லை. இரண்டாவது தடவை இரண்டு எண்ணையும் போட்டு, பக்கத்துக் கோயில் பேரையும் எழுதி அனுப்பச் சொன்னேன், வந்தது. அமெரிக்க வரிப் படிவம் ஒன்றும் நிரப்பச் சொன்னார்கள். அங்கிருந்து பார்க்கிறவர்களால் வரும் வருமானத்துக்கு மட்டும் பதினைந்து சதவீதம் பிடிப்பு, பான் எண் கொடுத்தால் போதும். அதை நிரப்பாமலே விட்டால் மொத்த வருமானத்திலும் கூடுதலாகப் பிடிப்பார்கள் என்று தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து நிரப்ப வைத்தாள்.

நூறு டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு அனுப்புவார்கள். மாசம் பதினைந்து, பதினாறு என்று ஊர்ந்து, செப்டம்பரில் நூறைத் தாண்டியது, 104.37. அக்டோபர் 21-லிருந்து 26-க்குள் வரும். அந்த வருஷம் 23 ஆயுத பூஜை, 24 விஜயதசமி. மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மிதிக்காமல் மூடிவைத்துவிட்டு, நான் மட்டும் செல்போனை மணிக்கொரு தடவை மிதித்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை வங்கியிலிருந்து போன். "வெளிநாட்டுல இருந்து பணம் வந்திருக்கும்மா, எதுக்காக வந்துச்சுன்னு எழுதித் தரணும்." ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி கை நடுங்கியது. நேரில் போய், தையல் வீடியோ, விளம்பர வருமானம் என்று சொன்னேன். அந்தப் பெண் அலுவலர் படிவத்தை நீட்டிவிட்டு, மெதுவாக, "இறக்கக் கழுத்து ஜாக்கெட்டுக்கு ஏதாவது வீடியோ இருக்கா?" என்றார்.

மாற்று விகிதமும் வங்கிக் கட்டணமும் போக 8,251 ரூபாய். இருபத்திரண்டு மாசம். லைனிங் ஜாக்கெட் கணக்கில் முப்பத்து மூன்று ஜாக்கெட், அதை நான் மூன்று வாரத்தில் தைத்துவிடுவேன். என் வீட்டுக்காரர் இந்தத் தடவை கணக்குப் போடவில்லை, பாஸ்புக்கை வாங்கி அத்தையிடம் காட்டினார். அத்தை எழுத்தைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், "இது கடன் சொல்லாத காசு" என்றார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு பெண் வேறு யாரோ தைத்த ஜாக்கெட்டோடு வந்தாள். செல்போனில் என் வீடியோவைப் போட்டுக் காட்டினாள், அது என் கை என்று அவளுக்குத் தெரியவில்லை. "இதுல சொல்ற மாதிரி பிடிச்சுக் குடுங்கக்கா, நானே பண்ணப் பயமா இருக்கு" என்றாள். நாற்பது ரூபாய் வாங்கினேன். அக்டோபர் மாசக் கணக்கு 19 டாலர் காட்டியது, அடுத்த நூறு பொங்கலுக்கும் வராது. அதற்குள் தீபாவளித் துணி பதினேழு தைக்கக் கிடந்தது.