ஒரு பேப்பர் பாக்கி

அக்டோபர் 6, 2025

இன்றைக்கும் அதே வேலை விண்ணப்பப் படிவம். பெயர், ஊர், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு எல்லாம் ஓடிப்போய் நிரம்பிவிடும். அப்புறம் இன்னும் பாஸாகாத பேப்பர் எத்தனை என்று கேட்கிற Active Backlogs கட்டம் வரும். 1 என்று போட்டேன். அடுத்த பக்கம் திறக்கவே இல்லை. என் பிராஜெக்டை யாரும் பார்க்கவில்லை, ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கட்டம் மட்டும் பார்த்தது.

அக்டோபர் 7

மழை. அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு இல்லை. நாள் முழுக்க வீட்டில் இருந்தார், என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அக்டோபர் 9

கருங்கல் ஊர்க்காரத் தோழி போன் பண்ணினாள். அழுதுகொண்டே பேசினாள். அவளுக்கும் ஒரு பேப்பர்தான் நின்றிருந்தது. வேலையில் சேருவதற்குள் பாஸாகிவிடுவோம் என்று படிவத்தில் 0 போட்டாள். பாஸும் ஆகிவிட்டாள். சேர்ந்து சில வாரம் கழித்து, சான்றிதழ் சரிபார்க்கும் ஏஜென்சி எல்லா கிரேடு ஷீட்டையும் கேட்டது. அரியர் எழுதினால் அதற்குத் தனியாக ஒரு கிரேடு ஷீட் வரும். எந்த மாதம், எந்த ஆண்டுத் தேர்வு என்று அதிலேயே இருக்கும். அவள் விண்ணப்பித்த தேதியையும் அந்தத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், விண்ணப்பித்த அன்று பேப்பர் நின்றிருந்தது தெரிந்துவிடும்.

வேலை போய்விட்டது. அரியருக்காக அல்ல, 0 என்று எழுதியதற்காக. "இப்பம் எல்லாம் பாஸ்தானே, அப்புறம் என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு என்ன பதில் சொல்ல? விண்ணப்பித்த நாளில் என்ன நிலையோ அதுதான் பதில். சேரும் நாளில் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்தக் கட்டம் கேட்பதில்லை. அதற்குக் கீழே History of Backlogs என்று இருந்தால் அது இன்னொரு கேள்வி. எப்போதாவது ஒரு பேப்பர் போய், பிறகு எழுதி பாஸாகியிருந்தாலும் அங்கே ஆம் என்றுதான் போட வேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 13

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போது என் சிஜிபிஏ 6.92. தவறின பேப்பர் அந்தச் சராசரியில் சேர்வதே இல்லை. பாஸான 158 கிரெடிட்டுக்கு 1093 புள்ளி, வகுத்தால் 6.92. நின்றிருக்கிற எலக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸ் பேப்பர் 3 கிரெடிட். அதைக் கடைசி கிரேடான சி-யில் பாஸானால், ஐந்து புள்ளி வீதம் 15 கூடும். 1108-ஐ 161 ஆல் வகுத்தால் 6.88. பாஸானால் சிஜிபிஏ குறைகிறது!

சரி, ஓ கிரேடே வாங்கினால்? 30 கூடி 1123. வகுத்தால் 6.98. அப்போதும் ஏழு இல்லை. எந்தக் கிரேடு வந்தாலும் ஏழு வராது என்று தெரிந்ததில் ஒருவித நிம்மதி. ஏழு கேட்கிற இடங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். 6.92-ஐ 7 என்று எழுதலாம் என்று அண்ணன் சொன்னான். கிரேடு ஷீட்டில் இரண்டு தசமம் அச்சாகியிருக்கும்போது நான் எதற்கு முழு எண்ணாக்க வேண்டும்? 60 சதவீதம் கேட்கிற இடங்கள் போதும். பத்தால் பெருக்கினால் 69.2 இருக்கிறது.

அக்டோபர் 15

கல்லூரி எக்ஸாம் செல்லில் பேசினேன். Year of Passing கட்டத்தில் என்ன போடுவது என்பதுதான் என் கேள்வி. சார் பொறுமையாகச் சொன்னார். கடைசி பேப்பரை எந்தத் தேர்வில் பாஸாகிறோமோ அந்தத் தேர்வின் ஆண்டுதான். நவம்பர்/டிசம்பர் 2025 தேர்வில் பாஸானால், ரிசல்ட் அடுத்த வருஷம் வந்தாலும் எனக்கு 2025. தவறி ஏப்ரல்/மே தேர்வுக்குப் போனால் 2026.

அதுவரை புரொவிஷனல் சர்டிபிகேட் கிடையாது. வேண்டுமானால் 2021 முதல் 2025 வரை படித்து முடித்தாள் என்று கல்லூரி ஒரு கடிதம் தரும். அது டிகிரி ஆகாது, யாரிடமும் டிகிரி என்று காட்டாதே என்றும் சொன்னார்.

"2025 பாஸ்அவுட் மட்டும்" என்று போடுகிற விளம்பரங்கள்தான் நான் விண்ணப்பிக்கிறவை. அதனால்தான் இந்தத் தேர்வை நினைத்தாலே வயிறு கலங்குகிறது. ஒரு பேப்பர் அல்ல, ஒரு பேட்ச் போகும்.

ரெஸ்யூமில் ஒளிக்காமல் ஒரு வரி சேர்த்தேன்: பி.இ., இசிஇ, 2021–2025. ஒரு பேப்பர் நிலுவை. நவம்பர்/டிசம்பர் 2025 தேர்வில் எழுதுகிறேன்.

அக்டோபர் 20

தீபாவளி. சித்தி வந்தாள், கேட்டாள், போனாள்.

அக்டோபர் 24

அம்மா விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா?

நாலாவது செமஸ்டரில்தான் அம்மாவுக்கு ஆபரேஷன். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் ராத்திரி நான்தான் துணைக்கு இருந்தேன். அது உண்மை. ஆனால் அதற்கப்புறமும் அதே பேப்பரை எழுதி வரவில்லை என்பதும் உண்மை. முதல் முறைக்கு அம்மா காரணம், அடுத்த முறைகளுக்கு என்ன என்று கேட்பார்களே.

ஒரு தாளில் எழுதி எழுதி அடித்தேன். நீளமாக எழுதினால் இரக்கம் கேட்பதுபோல இருக்கிறது. அம்மா பெயரை வைத்து வேலை கேட்க எனக்கு மனசு இல்லை. கடைசியில் நின்றது இதுதான்: எந்தப் பேப்பர், எதனால் நின்றது, எப்போது எழுதுகிறேன். மூன்று வாக்கியம். அம்மா அதில் அரை வாக்கியம், அதுவும் காரணம் கேட்டால் மட்டும்.

அம்மா பின்னால் நின்று படித்திருக்கிறாள். "என்னைப் பத்தி எழுதினா எழுது மக்களே, அதிலென்ன?" என்றாள். நான் தாளை மடித்துவிட்டேன்.

அக்டோபர் 30

டெக்னோபார்க். விடியற்காலையே குழித்துறையில் ரயில் ஏறினேன். திருவனந்தபுரத்தில் இறங்கி, கழக்கூட்டத்துக்கு பஸ். சின்ன கம்பெனி. கருவிகளுக்குள் ஓடும் மென்பொருளைச் சோதிக்கும் வேலை.

பிராஜெக்ட் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவர் ரெஸ்யூமில் அந்த வரிக்கு வருவதற்குள் நானே சொல்லிவிட்டேன். நின்றிருப்பது எலக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸ், இந்தத் தேர்வில் எழுதுகிறேன் என்றேன். கடைசியாக எழுதியபோது எவ்வளவு என்று கேட்டார். விடைத்தாள் நகல் வாங்கி வைத்திருந்தேன், காட்டினேன். எழுத்துத் தேர்வில் நூற்றுக்கு 41. அது அறுபதுக்குக் குறைந்து 24.6 ஆகும். இன்டர்னல் நாற்பதுக்கு 27. கூட்டினால் 51.6.

அவர் மலையாளி, எங்கள் பல்கலைக்கழக விதி தெரியாது. "ஐம்பது போதுமல்லோ, பின்னே எப்படி தோல்வி?" என்றார். மொத்தம் ஐம்பது மட்டும் போதாது, எழுத்துத் தேர்வில் தனியாக 45 சதவீதம் வேண்டும், எனக்கு அதில் நாலு மார்க் குறைவு என்றேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரிவேல்யூவேஷன் போடவில்லையா என்று கேட்டார். நகலைப் பாடம் எடுத்த மேடத்திடம் காட்டினேன், திருத்தியதில் விடுபட்டது எதுவும் இல்லை என்றார், அதனால் போடவில்லை என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். பேனாவைக் கீழே வைத்தார்.

அப்புறம் ஹெச்ஆர் வந்தார். அவருக்கு மார்க் பற்றிக் கவலையே இல்லை. தேர்வுக்கு எத்தனை நாள் லீவு, அடுத்தடுத்து வேறு பேப்பர் உண்டா, ரிசல்ட் எப்போது? எங்கள் வாடிக்கையாளர்கள் சிலர் டிகிரி சரிபார்த்த ஆட்களைத்தான் அவர்கள் வேலையில் போட விடுவார்கள், டிகிரி வராவிட்டால் உங்களை எங்கே உட்கார வைப்பது என்றார். இத்தனை மாதமாக என்னை முட்டாள் என்று நினைத்துத்தான் கதவைச் சாத்துகிறார்கள் என்று நினைத்திருந்தேன். சில இடங்களில் அப்படி இல்லை போலிருக்கிறது.

காரணம் யாரும் கேட்கவில்லை. அம்மாவின் அரை வாக்கியம் தாளிலேயே இருக்கிறது.

அக்டோபர் 31

போன் வரவில்லை.

நவம்பர் 3

மெயில் வந்துவிட்டது! பயிற்சியாளராக எடுக்கிறார்கள், ஜனவரியில் சேர வேண்டும். வேலை நிரந்தரமாக ஒரு நிபந்தனை: மார்ச் 31, 2026-க்குள் எல்லாப் பேப்பரும் பாஸாகி, அதற்கான ஆவணம் தர வேண்டும்.

அப்பா இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். மட்டிப்பழம் வாங்கி வந்தார்.

ராத்திரி மூன்றாவது முறை வாசிக்கும்போதுதான் அந்தத் தேதி உறுத்தியது. ரிசல்ட் தள்ளிப் போனால்? ஒருவேளை ஒன்றிரண்டு மார்க்கில் நின்றால்? நகல் வாங்கி, ரிவேல்யூவேஷன் போட்டு, அதன் முடிவு வருவதற்குள் மார்ச் தாண்டிவிடலாம். அப்போது பாஸ் என்று வந்தாலும் கடிதத்தின்படி நான் வெளியே.

நவம்பர் 4

ஹெச்ஆருக்கு எழுதினேன். நன்றி சொல்லிவிட்டு, ஒரே ஒரு வேண்டுகோள்: "நவம்பர்/டிசம்பர் 2025 தேர்வில், ரிவேல்யூவேஷன் முடிவு உட்பட" என்று நிபந்தனையை மாற்றித் தர முடியுமா? தேதிக்குப் பதில் தேர்வின் பெயர் இருந்தால் பல்கலைக்கழகம் தாமதித்தாலும் என் தலையில் விழாது.

அண்ணன் சத்தம் போட்டான். கிடைத்ததைக் கெடுக்கிறேனாம். பேசாமல் கையெழுத்துப் போடு என்றான். மார்ச்சில் போய்க் கெஞ்சுவதைவிட நவம்பரில் கேட்பது மேல் என்று சொன்னேன். கை நடுங்கிக்கொண்டுதான் அனுப்பினேன்.

நவம்பர் 6

பதில் இல்லை.

நவம்பர் 8

பதில் இல்லை. இன்பாக்ஸைப் பார்ப்பதை நிறுத்த வேண்டும்.

நவம்பர் 11

படிப்பு. நூறு மார்க்கில் இரண்டு மார்க் கேள்வி பத்து, பதின்மூன்று மார்க் ஐந்து, பதினைந்து மார்க் ஒன்று. போன விடைத்தாளில் நான் எங்கே விட்டேன் என்று பார்த்தேன். இரண்டு மார்க்கில் பதினாறு வந்திருக்கிறது, அது போதும். எல்லைநிலை நிபந்தனைகள் கேள்வியில் சூத்திரத்தை எழுதிவிட்டு, வருவித்ததில் பாதியில் நின்றிருக்கிறேன். பதின்மூன்றுக்கு ஐந்துதான். அந்த ஒரு கேள்வியை முழுதாக எழுதியிருந்தாலே நாலு மார்க் தாண்டியிருக்கும்.

இன்று அதை மட்டும் எழுதிப் பார்த்தேன். பார்க்காமல் ஒருமுறை, கடிகாரம் வைத்து ஒருமுறை.

6.88. கண்ணை மூடினாலும் அந்த எண்தான்.

நவம்பர் 13

பதில் வந்தது. மாற்றிவிட்டார்கள். ரிவேல்யூவேஷன் முடிவும் சேர்த்து, கடைசித் தேதி மே 31 வரை. கூடவே ஒரு வரி: ஹால் டிக்கெட் நகல் அனுப்பவும். அண்ணனிடம் காட்டினேன். வாசித்தான், போனைத் திருப்பித் தந்தான், சாயா போட்டுக் கொடுத்தான்.

நவம்பர் 14

மழை விடவில்லை. அம்மா என் புத்தகங்களை மேசையிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்திருக்கிறாள், ஓடு ஒழுகுகிறதாம்.

நவம்பர் 17

ஹால் டிக்கெட் வந்துவிட்டது. பதிவெண் சரி, பேப்பர் கோடு EC3452 சரி, போட்டோதான் முகம் தெரியாமல் மங்கி இருக்கிறது. எக்ஸாம் செல்லில் கேட்டால் நேரில் வரச் சொன்னார்கள். நாளை காலை முதல் பஸ்ஸில் போக வேண்டும்.