139 வந்தும் சர்க்கரைதான் என்றார்கள்

கர்ப்பமான புதிதில் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாலும் பரவாயில்லை என்றார்கள். அந்த முறையில் 140-ம் அதற்கு மேலும் வந்தால்தான் சர்க்கரை. எனக்கு அதற்குக் கீழேதான் இருந்தது.

26ஆவது வாரத்தில், கோபியில் நான் பார்க்கும் டாக்டரம்மா வெறும் வயிற்றோடு போய் மூன்று முறை ரத்தம் கொடுக்கும் டெஸ்ட்டை எழுதிக் கொடுத்தார். செய்தி கேட்டதும் அத்தை, "அம்முணி, ரெண்டு நாளைக்கு அரிசியே வேண்டாம், கொள்ளு ரசமும் காயும் போதும்" என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்துவிட்டுப் போனால், அன்று குடிக்கும் குளுக்கோஸை உடம்பு சரியாகச் சமாளிக்காமல் அளவு கூடுதலாகக் காட்டும். டெஸ்ட்டுக்கு முந்தைய மூன்று நாளும் வழக்கமான சாப்பாடு வேண்டும் என்று நர்ஸ் சொன்னதால் சந்தகையும் சோறும் எப்போதும்போல்தான் சாப்பிட்டேன். முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்குப் பிறகு வெறும் தண்ணீர் மட்டும்.

காலையில் முதல் ரத்தம் எடுத்ததும், 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார்கள். தொண்டையை அடைக்கிற இனிப்பு. ஐந்து நிமிடத்துக்குள் முடித்தேன். லேப் பெண் கடிகாரத்தைப் பார்த்து, நான் முதல் வாய் குடித்த நேரத்தைச் சீட்டில் எழுதினார். ஒரு மணி, இரண்டு மணி எல்லாம் அங்கிருந்துதான் கணக்கு. டம்ளரைக் கீழே வைத்த நேரத்திலிருந்து அல்ல. நடந்தால் சர்க்கரை செலவாகி அளவு குறைந்துவிடும் என்பதால் நடுவில் எழுந்து கடைவீதிக்குப் போகக் கூடாது என்றார். பக்கத்தில் இருந்தவர் குடித்த சற்று நேரத்திலேயே வாந்தி எடுத்துவிட்டார். உள்ளே போன அளவு தெரியாதே என்று அவரை இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்கள்.

ரிசல்ட் வந்தது: வெறும் வயிற்றில் 95, ஒரு மணிக்கு 168, இரண்டு மணிக்கு 139. "140-ஐத் தாண்டலையேங்க, அப்புறம் என்ன?" என்று கேட்டேன். அந்த 140 ஒற்றை ரத்த முறைக்கான எல்லை, இங்கே கொண்டுவரக் கூடாது என்றார் டாக்டரம்மா. மூன்று ரத்த முறையில் எல்லைகள் 92, 180, 153. மூன்றில் ஒன்று தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை. எனக்கு ஒரு மணியும் இரண்டு மணியும் எல்லைக்குள்தான். வெறும் வயிறுதான் தாண்டியிருந்தது. நச்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினை மட்டுப்படுத்துவதால், ராத்திரியில் ஈரல் விடும் சர்க்கரை முழுசாகக் கட்டுப்படவில்லை. ஒற்றை ரத்த முறை இதைப் பார்ப்பதே இல்லை.

சாப்பாட்டை மாற்றினோம். வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு இரண்டு மணியில் 120-க்குக் கீழே இருக்க வேண்டும் என்றார். பிரசவம் முடிந்து ஆறு வாரத்தில் இதே 75 கிராமை மறுபடியும் குடிக்க வேண்டும். அப்போது பார்ப்பது கர்ப்பமில்லாதவர்களுக்கான எல்லைகள்: வெறும் வயிற்றில் 126, இரண்டு மணிக்கு 200.