8.88 மில்லிமீட்டரால் போன இரண்டு வாரம்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் பஸ் ஏறி, ஒரே கணக்கை இரண்டு தடவை கொடுத்து இரண்டு தடவையும் திரும்ப வாங்கி வந்தேன். ஆலை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேர டிப்ளோமா படிப்பவளுக்கு ஒரு நாள் லீவு எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தாளில் சிவப்பு மையில் "தவறு, மீண்டும் செய்க" என்று மட்டும் இருந்தது. எந்த வரி தவறு என்று கவுண்டரில் கேட்டதற்கு, விரிவுரையாளர் அடுத்த வாரம்தான் வருவார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

கணக்கு இதுதான். 6 மீட்டர் நீளமுள்ள, இரு முனையிலும் சாதாரணமாகத் தாங்கப்பட்ட பீம். இடது முனையிலிருந்து 1 மீட்டரில் தொடங்கி 3 மீட்டரில் முடியும் பரவல் சுமை, மீட்டருக்கு 10 கிலோநியூட்டன். 4 மீட்டரில் 20 கிலோநியூட்டன் புள்ளிச் சுமை. EI மதிப்பு 15000 kNm². நடுவில் எவ்வளவு தொய்யும் என்று மெக்காலே முறையில் கண்டுபிடிக்க வேண்டும். எதிர்விசைகள் இரண்டு பக்கமும் 20 கிலோநியூட்டன், அதில் சிக்கல் இல்லை.

நான் எழுதிய மோமெண்ட் சமன்பாடு:

```
M = 20x - 5<x-1>² - 20<x-4>
```

இரண்டு முறை தொகையிட்டு, C1, C2 என்ற மாறிலிகளைக் கண்டுபிடித்து, நடுவில் 8.88 மிமீ என்று எழுதினேன். நம்பும்படியான விடைதான். வலது முனையில் x = 6 போட்டால் தொய்வு பூஜ்யம் வருகிறதா என்றும் பார்த்தேன், வந்தது. அதனால்தான் இரண்டாவது தடவை எதையும் மாற்றாமல், எண்களை மட்டும் திரும்பச் சரிபார்த்து, அதையே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தவறைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் எங்கள் லயத்தில் இருக்கும் அண்ணன், செம்பனை ஆலைப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தே ஓ குடித்துக்கொண்டே தாளைப் பார்த்தவர், "தொய்வு பூஜ்யம் வருதுன்னு நீயே போட்டுத்தானே C1 கண்டுபிடிச்ச? அப்புறம் அது வராம எங்க போகும் தங்கச்சி? மோமெண்ட் சமன்பாட்டுல 6 போட்டுப் பாரு" என்றார்.

போட்டேன். 120 - 125 - 40, அதாவது -45. கீல் போலச் சுழல விடும் தாங்கியில் மோமெண்ட் பூஜ்யமாக இருந்தே ஆக வேண்டும். தொகையிடத் தொடங்குவதற்கு முன்பே, ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்க வேண்டிய தவறு.

காரணம் இது: மெக்காலே அடைப்பு ஒரு முறை திறந்துவிட்டால் பிறகு மூடாது. <x-1> என்பது x 1-க்குக் குறைவாக இருக்கும்வரை பூஜ்யம், அதைத் தாண்டினால் பீமின் கடைசிவரை வேலை செய்யும். ஆக, நான் எழுதிய சமன்பாட்டில் பரவல் சுமை 3 மீட்டரில் நிற்காமல் வலது முனைவரை போய்விட்டது. அதை நிறுத்த, 3 மீட்டரிலிருந்து கடைசிவரை அதே அளவு சுமை மேல்நோக்கித் தள்ளுவதாக ஒரு உறுப்பைச் சேர்க்க வேண்டும்:

```
M = 20x - 5<x-1>² + 5<x-3>² - 20<x-4>
```

இப்போது x = 6 போட்டால் 120 - 125 + 45 - 40, சரியாகப் பூஜ்யம். அடைப்பை விரிக்காமல் அப்படியே தொகையிட்டால்:

```
EIy = (10/3)x³ - (5/12)<x-1>⁴ + (5/12)<x-3>⁴ - (10/3)<x-4>³ + C1·x + C2
```

C2 பூஜ்யம், C1 = -77.78. நடுவில், x = 3 போடும்போது <x-4> என்பது -1 இல்லை, பூஜ்யம்; -1 என்று போட்டால் விடை 9.78 மிமீ என்று வந்து மறுபடியும் ஏமாற்றும். சரியாகப் போட்டால் 90 - 6.67 - 233.33 = -150. அதை 15000-ஆல் வகுத்தால் 0.01 மீட்டர், அதாவது கீழ்நோக்கி 10 மிமீ. என்னுடைய 8.88-இல் ஒன்றுக்கு மேல் மில்லிமீட்டர் காணாமல் போயிருந்தது.

இன்னொன்றும் அண்ணன் சொன்னார். பரவல் சுமை இடது முனையில் தொடங்கி நடுவில் நின்றுவிட்டால், x-ஐ வலது முனையிலிருந்து அளந்தால் போதும். சுமை தானாகவே கடைசிவரை போகும், எதிர்ச் சுமை தேவையில்லை. என் கணக்கில் இரண்டு பக்கமும் இடைவெளி இருந்ததால் அது உதவவில்லை, ஆனால் அடுத்த கணக்கில் அந்த வழியில்தான் முடித்தேன்.

மூன்றாவது தடவை கொடுக்கப் போனபோது, முதல் பக்கத்தின் மேலேயே M(6) = 0 என்று பெரிதாக எழுதி வைத்தேன். வாங்கிக்கொண்டார்கள், முழு மதிப்பெண்.