எண் காட்டும் மருந்தும் எண் காட்டாத மருந்தும்

ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளுக்கான புறநோயாளர் பிரிவில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். அங்கே அதிகம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "ரத்தப் பரிசோதனையே வேண்டாத புது மாத்திரை வந்திருக்கிறதாமே, அதற்கு மாற்றித் தரக்கூடாதா?" பலருக்கு மாற்றித் தரலாம், தந்தும் இருக்கிறோம். ஆனால் 'பரிசோதனை வேண்டாம்' என்பதைக் கேட்பவர்கள் 'எதையும் கவனிக்க வேண்டாம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். சில மருத்துவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் இடையிலான தூரத்தை எனக்கு நன்றாகக் காட்டியவர் ஒரு 68 வயது அம்மா.

அவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது ஒழுங்கற்ற இதயத் துடிப்பு. இதயத்தில் ரத்தக்கட்டி உண்டாகி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வந்துவிடாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிட்டு வந்தார். வால்வில் கோளாறு இல்லை. தினம் 5 மில்லிகிராம். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு 2.4 அருகிலேயே நிற்கும். அவருடைய நோய்க்கு 2 முதல் 3 வரை இருக்கவேண்டும் என்பது கணக்கு. எங்கள் பிரிவில் இப்படிப்பட்ட நோயாளியின் அட்டையைப் பார்ப்பதே ஒரு நிம்மதி.

அப்புறம் அவருக்கு நுரையீரல் காசநோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஆறு மாதச் சிகிச்சை. நான்கு மருந்துகளில் ஒன்று ரிஃபாம்பிசின். செய்தியைச் சொல்ல வந்த அவருடைய மகன் கூடவே ஒரு யோசனையும் வைத்திருந்தார். "மேடம், அம்மாவால் இப்போது நடக்கவே முடியவில்லை. இதில் வாராவாரம் ரத்தம் எடுக்க எப்படி அழைத்து வருவது? இதுதானே புது மாத்திரைக்கு மாற்றச் சரியான நேரம்?"

கேட்பதற்கு முழு நியாயமான யோசனை. வார்ஃபரினுக்கும் ரிஃபாம்பிசினுக்கும் ஆகாது என்பது ஊரறிந்தது. புது மருந்துகளுக்கு மோதல் குறைவு என்பதும் எல்லாரும் சொல்வது. ஆனால் இந்த ஓரிடத்தில் கணக்குத் தலைகீழாகிவிடுகிறது. ஏனென்று சொல்ல, இரண்டு வகை மருந்துகளும் உடம்பில் என்ன செய்கின்றன என்பதைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

வார்ஃபரின் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் உறைதல் காரணிகளைத் தொடுவதே இல்லை. கல்லீரலில் அவை தயாராகும் இடத்தில்தான் அதன் வேலை. 2, 7, 9, 10 ஆகிய எண்களுடைய காரணிகள் முழுமை பெற வைட்டமின் கே தேவை. ஒரு தடவை பயன்பட்ட வைட்டமின் கே-யைப் புதுப்பித்துத் தரும் ஒரு நொதியை வார்ஃபரின் முடக்குகிறது. அதனால் புதிதாக உருவாகும் காரணிகள் வேலைக்கு ஆகாதவையாகப் பிறக்கின்றன. ஏற்கெனவே இருப்பவை தீரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஏழாம் காரணி சில மணி நேரத்தில் குறைந்துவிடும்; இரண்டாம் காரணியான புரோத்ராம்பின் பாதியாகக் குறையவே இரண்டு மூன்று நாளாகும். மருந்தின் முழுப் பலன் தெரிய ஐந்து நாளுக்குக் குறையாமல் ஆவது இதனால்தான். கீரையும் முட்டைக்கோஸும் கதைக்குள் வருவதும் இதனால்தான்: அவற்றில் வைட்டமின் கே ஏராளம். கீரையையே விட்டுவிடச் சொல்வது தவறான அறிவுரை. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். மருந்தின் அளவை அதற்கேற்ப நாங்கள் வைத்துக்கொள்வோம்.

புது மருந்துகள் நேராகப் போய் ஒரே ஒரு காரணியைப் பிடித்துக்கொள்கின்றன. டபிகட்ரான் த்ராம்பினைப் பிடிக்கிறது. ரிவராக்ஸபான், அபிக்ஸபான், எடாக்ஸபான் மூன்றும் செயல்நிலையில் இருக்கும் பத்தாம் காரணியைப் பிடிக்கின்றன. விழுங்கிய இரண்டு மூன்று மணி நேரத்தில் முழு வேகம். ஏறக்குறைய அரை நாளில் பாதி இறங்கிவிடும். வைட்டமின் கே இந்த விளையாட்டில் இல்லை என்பதால் கீரைக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. உணவு பற்றி ஒரே ஒரு விதியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது: ரிவராக்ஸபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடுதான் விழுங்கவேண்டும். 20 மில்லிகிராமை வெறும் வயிற்றில் போட்டால் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் உடம்பில் சேரும்.

இனி ரிஃபாம்பிசின். அது கல்லீரலிலும் குடலிலும் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை அதிகமாக உற்பத்தி செய்ய வைக்கிறது. உள்ளே வந்த மருந்தைக் குடலுக்கே திருப்பித் தள்ளும் பி-கிளைக்கோபுரதத்தையும் பெருக்குகிறது. வார்ஃபரின் இந்த நொதிகளிடம் மாட்டிக்கொள்கிறது, உண்மை. ஆனால் புது மருந்துகளும் தப்புவதில்லை. ரிஃபாம்பிசினோடு சேரும்போது அபிக்ஸபான், ரிவராக்ஸபான் ஆகியவை ரத்தத்தில் சேரும் அளவு ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. டபிகட்ரானில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது.

இரண்டு பக்கமும் இழப்புதான். வித்தியாசம் என்னவென்றால், வார்ஃபரினில் அந்த இழப்பு கண்ணுக்குத் தெரிகிறது. ஐஎன்ஆர் இறங்கும், அளவைக் கூட்டுவோம், மறுபடி பார்ப்போம். புது மருந்தில் எதைப் பார்ப்பது? ஐஎன்ஆர் வார்ஃபரினுக்காகச் சீர்செய்யப்பட்ட அளவுகோல். ரிவராக்ஸபான் அதைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டலாம், அபிக்ஸபான் அசைக்காமலே இருக்கலாம். எந்த எண் வந்தாலும் பாதுகாப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பத்தாம் காரணியின் தடையை அளக்கும் தனிப் பரிசோதனை பெரிய ஆய்வகங்களில் உண்டு. ஆனால் 'இந்த எண்ணுக்கு இவ்வளவு மாத்திரை' என்று அளவை மாற்றிக்கொள்ள அதில் நிலைநாட்டப்பட்ட இலக்கு கிடையாது. ரிஃபாம்பிசினை ஈடுகட்ட மாத்திரையை இரட்டிப்பாக்கலாம் என்று யாரும் பரிந்துரைப்பதில்லை. இரண்டையும் சேர்த்துத் தராதீர்கள் என்றுதான் சொல்லப்பட்டிருக்கிறது.

மகனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "புது மாத்திரை பாதி வீணாகிப் போகும், போனது நமக்குத் தெரியவும் தெரியாது. பழையதில் தெரியும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் அழைத்து வருகிறேன்" என்றார்.

அதன் பிறகு நடந்தது பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும். அட்டையில் இரண்டு பக்கம் ஆனது. முதல் வாரம் ஐஎன்ஆர் 2.1. நொதிகள் பெருக நாளாகும் என்பதால் இந்தச் சின்ன இறக்கத்தில் யாரும் ஏமாறக்கூடாது. இரண்டாம் வாரம் 1.5. தினம் 7 மில்லிகிராமாக்கினோம். மூன்றாம் வாரம் 1.4. அளவைக் கூட்டியும் எண் இறங்குகிறது என்றால் மாத்திரையை விட்டுவிட்டாரோ என்று முதலில் சந்தேகம் வரும். மகன் மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து காட்டினார், ஒன்றும் விடுபடவில்லை. நொதிகள் எங்களைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். 9, 11 என்று ஏறி, எட்டாம் வாரத்தில் 13 மில்லிகிராமில் 2.3 வந்தது. தொடக்கத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். சிலருக்கு ஐந்து மடங்கு வரையும் போகும். இதய மருத்துவர் இந்த வாரங்களுக்கு ஹெப்பாரின் ஊசி தேவையில்லை என்று முடிவு செய்தார். இயந்திர வால்வு வைத்தவராக இருந்தால் அந்தப் பேச்சே வேறு மாதிரி போயிருக்கும்.

ஆனால் எனக்குப் பயம் இந்த ஏற்றத்தில் இல்லை, காசநோய்ச் சிகிச்சை முடியும் நாளில்தான். ரிஃபாம்பிசின் நின்றதும் பெருகிய நொதிகள் சில வாரங்களில் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். நோயாளி மட்டும் 13 மில்லிகிராமையே விழுங்கிக்கொண்டிருப்பார். காசநோய்ப் பிரிவில் எல்லாரும் நல்லபடியாக வழியனுப்புவார்கள். ரத்தம் உறைதல் பிரிவுக்கு யாரும் தகவல் சொல்லமாட்டார்கள். இந்த இடைவெளியில்தான் ஐஎன்ஆர் எட்டு, ஒன்பது என்று எகிறி ரத்தக்கசிவோடு வந்து சேர்கிறார்கள். அதனால் ரிஃபாம்பிசின் தொடங்கிய நாளிலேயே அது முடியும் தேதியை எங்கள் அட்டையின் மேல்மூலையில் சிவப்பு மையில் எழுதிவைப்பது என் வழக்கம். சகஊழியர்கள் கேலி செய்வதுண்டு, பரவாயில்லை.

இந்த அம்மாவுக்கு நிறுத்திய முதல் வாரம் 2.6. இலக்குக்குள்தான் இருந்தது, இருந்தும் 11 ஆக்கினோம். இரண்டாம் வாரம் 3.3, அளவு 9. பிறகு 7, பிறகு 5.5. ஐந்தாம் வாரம் 2.5-இல் நின்றது. இடையில் பசி திரும்பி, கீரையும் காய்கறியும் நன்றாகச் சாப்பிடத் தொடங்கியிருந்தார். அது எண்ணைக் கீழே இழுத்து எங்களுக்குக் கொஞ்சம் உதவியிருக்கக்கூடும்.

இப்போதுதான் மகனின் பழைய கேள்விக்கு நேரம் வந்தது. ரிஃபாம்பிசின் முடிந்த அன்றே மாற்றியிருந்தால் முதல் இரண்டு வாரமாவது புது மருந்து பாதி பலத்தில்தான் இருந்திருக்கும்; இனி அந்தக் கவலை இல்லை. அபிக்ஸபான் என்று முடிவானது. வார்ஃபரினை நிறுத்தி, ஐஎன்ஆர் 2-க்குக் கீழே வந்ததும் தொடங்கவேண்டும். மூன்றாம் நாள் 1.8. அன்று மாலை முதல் மாத்திரை.

அளவில் ஒரு சின்ன வாக்குவாதம். மெலிந்த வயதான பெண் என்று பார்த்துவிட்டுப் பயிற்சி மருத்துவர் 2.5 மில்லிகிராம் இரண்டு வேளை என்று எழுதிவிட்டார். இந்த நோயில் அபிக்ஸபானைக் குறைக்க மூன்றில் இரண்டு நிபந்தனைகள் பொருந்தவேண்டும்: வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், ரத்தத்தில் கிரியேட்டினின் 1.5 மில்லிகிராம் அல்லது மேல். அவருக்கு எடை 57, அது ஒன்று பொருந்துகிறது. வயது 68, கிரியேட்டினின் 1.0. ஆக 5 மில்லிகிராம், இரண்டு வேளை. கண்ணால் பார்த்து அளவைக் குறைப்பது இந்த மருந்துகளில் அடிக்கடி நடக்கிறது. குறைத்ததால் பாதுகாப்பு போயிற்று என்று சொல்ல இங்கே ஐஎன்ஆர் கிடையாது என்பதால் யாரும் திருத்துவதுமில்லை. அவருடைய சிறுநீரகத் திறனைக் கணக்கிட்டால் நிமிடத்துக்கு 48 மில்லி வருகிறது. ரிவராக்ஸபானாக இருந்திருந்தால் அந்த எண்ணுக்கு 20-ஐ விட்டு 15 மில்லிகிராம் தந்திருப்போம். ஒரே நோயாளி, ஒரே சிறுநீரகம், மருந்துக்கு மருந்து விதி வேறு.

மகனுக்குக் கடைசியாகச் சொன்னவை மூன்று. வார்ஃபரின் காலத்தில் ஒரு மாத்திரை மறந்தால் பழைய மாத்திரைகளின் பலன் தாங்கிப்பிடிக்கும். இதில் இரண்டு வேளை மறந்தால் பாதுகாப்பு ஏறக்குறைய இல்லை. சிறுநீரகப் பரிசோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று நீர் வற்றினால் உடனே. வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமசெபைன், பூஞ்சைக்கான கீட்டோகோனசோல் போன்ற எதையாவது யாராவது எழுதித் தந்தால், முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன் எங்களுக்கு ஒரு போன்.

"அப்போது ரத்தம் எடுக்கவே வேண்டாம் என்பது பொய்தானா மேடம்?" என்று சிரித்தார். குறைவாக எடுப்போம் என்றேன்.