ஓப்பன் பாக்ஸா, யூஸ்டா? கடை முழுக்க ஒரே லேபிளுக்குக் கொண்டுவந்த கதை

சென்னையில் லேப்டாப், மானிட்டர், ஹெட்ஃபோன் விற்கும் சின்னக் கடை எங்களுடையது. நேரில் வருபவர்களுக்குப் பொருளைக் கையில் கொடுத்துவிடலாம், பிரச்சினை இல்லை. இணையதளத்தில்தான் சிக்கல். ஒரே மாதிரியான பீஸை ஒருவர் "பாக்ஸ் ஓப்பன்" என்று போடுவார், இன்னொருவர் "லைக் நியூ", மூன்றாமவர் "ரீஃபர்ப், மின்ட் கண்டிஷன்". விலையில் முந்நூறு ரூபாய் வித்தியாசம் இருந்தால் கஸ்டமர் போன் போட்டு "இது ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?" என்று கேட்பார். எடுத்தவர் யாரோ அவர் வாய்க்கு வந்ததுதான் பதில்.

முதலில் லிஸ்டிங் எல்லாவற்றையும் எங்கள் இணையக் கடை ஓடும் வூகாமர்ஸிலிருந்து சிஎஸ்வியாக இறக்கி, தலைப்பிலும் விளக்கத்திலும் என்னென்ன வார்த்தைகள் புழங்குகின்றன என்று வடிகட்டிப் பார்த்தோம். வார்த்தைகளை மட்டும் மாற்றினால் போதாது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது, ஏனென்றால் எல்லோரும் பொருளின் தோற்றத்தைப் பார்த்து லேபிள் வைத்திருந்தார்கள். கீறல் இல்லாத பழைய லேப்டாப் "ஓப்பன் பாக்ஸ்" ஆகியிருந்தது, கீறல் விழுந்த புத்தம்புது மானிட்டர் "யூஸ்டு" ஆகியிருந்தது. அதனால் லேபிள் என்பது பொருளின் வரலாறு, அழகு வேறு என்று பிரித்தோம். அழகுக்கு ஏ, பி, சி என்று தனி கிரேடு. யூஸ்டு பொருள் ஏ கிரேடாக இருக்கலாம், அதற்காக அது ஓப்பன் பாக்ஸ் ஆகிவிடாது.

வரலாற்றைக் கண்டுபிடிக்க நான்கு கேள்விகள், இதே வரிசையில். யாராவது இதைத் தொடர்ந்து பயன்படுத்தினார்களா? ஆமாம் என்றால் அது யூஸ்டு, அல்லது சரிபார்த்து, பழுது நீக்கி, நாங்கள் எழுத்தில் வாரண்டி கொடுப்பதாக இருந்தால் ரீஃபர்பிஷ்டு. துடைத்து விண்டோஸ் புதிதாகப் போட்டால் மட்டும் ரீஃபர்பிஷ்டு இல்லை, வாரண்டி இல்லாவிட்டால் அந்தச் சொல்லே கிடையாது. பயன்படுத்தவில்லை என்றால் அடுத்த கேள்வி, பொருளில் தெரிந்த குறை ஏதாவது உண்டா? உண்டென்றால் "புதியது, குறையுடன்". பெட்டி திறந்திருக்கிறதா இல்லையா என்பது அப்போது இரண்டாம்பட்சம். குறையும் இல்லை, சீல் மட்டும் உடைந்திருக்கிறது என்றால் ஓப்பன் பாக்ஸ். சீலும் உடையவில்லை என்றால் கடைசிக் கேள்வி, பெட்டி நசுங்கியிருக்கிறதா? அது பேக்கிங்கின் குறை, பொருளின் குறை அல்ல. புதியது என்றே போட்டுப் பெட்டியின் போட்டோவைச் சேர்த்துவிடுகிறோம். இந்தக் கடைசி விஷயத்தில் கடைக்குள்ளேயே சண்டை வந்தது, இன்னும் எல்லோருக்கும் சம்மதம் இல்லை.

முதல் கேள்விக்குத்தான் ஆதாரம் வேண்டும். சப்ளையர் "ஓப்பன் பாக்ஸ் சார், ஒரு நாள்கூட ஓடல" என்று சொன்னால் நம்பிவிட முடியாது. லேப்டாப்புக்கு இரண்டு இடத்தில் பார்ப்போம். எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ காட்டும். பேட்டரிக்கு கமாண்ட் பிராம்ப்டில் இதை அடித்தால் போதும்:

```
powercfg /batteryreport
```

ஒரு எச்டிஎம்எல் கோப்பு வரும், அதில் `CYCLE COUNT`, `DESIGN CAPACITY`, `FULL CHARGE CAPACITY` மூன்றும் இருக்கும். சில மாடல்களில் சார்ஜ் சைக்கிள் எண்ணிக்கை வராமல் வெறும் கோடு நிற்கும், அப்போது இரண்டு கொள்ளளவுக்கும் உள்ள இடைவெளியை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒரு பீஸ் வந்தது, 14 அங்குலம், பார்க்கப் பளபளவென்று இருந்தது. எஸ்எஸ்டி 4 மணி நேரம்தான் ஓடியிருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் ஓப்பன் பாக்ஸ் என்று போயிருக்கும். பேட்டரி ரிப்போர்ட்டில் 210 சைக்கிள். அதாவது பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அடிப்பக்க ஸ்க்ரூக்களின் தலையில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய தடம், தயாரிப்பாளர் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டால் வாரண்டி எப்போதோ தொடங்கி முடிந்திருக்கிறது. ஒரு எண் மட்டும் புதிதாகவும் மற்றவை பழையதாகவும் இருந்தால் பாகம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். விசைப்பலகையில் ஒரு கீ சிக்கியது, அதை மாற்றி, முழுச் சோதனைப் பட்டியலையும் முடித்து, 6 மாத வாரண்டியோடு ரீஃபர்பிஷ்டு, பி கிரேடு என்று போட்டோம். எஸ்எஸ்டி மாறியதையும் பேட்டரி சைக்கிளையும் விளக்கத்தில் எழுதினோம். அது சீக்கிரமே விற்றுப்போனது, ஓப்பன் பாக்ஸ் விலைக்கு இல்லைதான்.

அப்புறம் தளத்துக்குள் இதை ஒரே இடத்தில் வைத்தோம். வூகாமர்ஸில் கண்டிஷனுக்கு ஒரு பொது ஆட்ரிபியூட், அதில் நிரந்தரமான மதிப்புகள் மட்டும். பட்டியல் படம், தலைப்பின் முன்சொல், பில்லில் வரும் பொருள் விவரம் எல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும், யாரும் கையால் தட்டக் கூடாது. ஏன் இவ்வளவு கறார் என்றால், பழைய லிஸ்டிங்கை டூப்ளிகேட் செய்து புதியது போடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு, லேபிளும் கூடவே நகலாகி வந்துவிடும். அதனால் நகலில் கண்டிஷன் காலியாகவே வரும்படி செய்தோம், நிரப்பாமல் வெளியிட முடியாது.

கூகுளில் பொருள்களைக் காட்டுவதற்கான மெர்ச்சன்ட் சென்டருக்கு அனுப்பும்போது நம்முடைய பாகுபாடு அங்கே இல்லை. `new`, `refurbished`, `used` என்று மூன்றே மதிப்புகள். புதியது என்றால் திறக்காத அசல் பேக்கிங். ஆகவே ஓப்பன் பாக்ஸை `new` என்று அனுப்ப முடியாது, மனசு வலித்தாலும் `used`தான்.

```
open_box     -> used
refurbished  -> refurbished
used         -> used
new_defect   -> used
```

தளப் பக்கத்தில் தேடுபொறிகளுக்காக இருக்கும் ஸ்கீமா குறியீடும் கூகுளுக்கு அனுப்பும் பட்டியலான ஃபீடும் ஒத்துப்போக வேண்டும். ஸ்கீமாவில் `DamagedCondition` என்று ஒன்று இருக்கிறது, குறையுள்ளதற்கு அதுதான் பொருத்தம், ஆனால் ஃபீடில் அதற்கு இணை இல்லாததால் நாங்கள் இரண்டிலும் யூஸ்டு என்றே வைத்துவிட்டு, உண்மையான லேபிளை வாடிக்கையாளர் படிக்கும் இடத்தில் பெரிதாகக் காட்டுகிறோம்.

குறையுள்ள பொருளுக்கு ஒரு கூடுதல் கட்டுப்பாடு: "சிறு குறை" என்று மட்டும் எழுதினால் லிஸ்டிங் செல்லாது. எங்கே, எவ்வளவு, பயன்பாட்டைப் பாதிக்குமா என்று மூன்றும் வேண்டும். "திரையின் வலது கீழ் மூலையில் ஒரு டெட் பிக்சல், வெள்ளைப் பின்னணியில் தெரியும்" என்பது மாதிரி. கூடவே அந்த இடத்தின் நெருங்கிய போட்டோ. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. அந்த வாதம் வந்தால் நம் கையில் இருக்கப்போவது இந்த விளக்கமும் போட்டோவும்தான்.

வரியிலும் லேபிள் தலையிடுகிறது, இதை ஆடிட்டர் சொல்லித்தான் கவனித்தோம். வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட்டை எடுக்காத பழைய பொருளுக்கு ஜிஎஸ்டி விதி 32(5)இன்படி லாபத்தின் மீது மட்டும் வரி கட்டலாம். டிஸ்ட்ரிபியூட்டரிடம் பில்லோடு கிரெடிட் எடுத்து வாங்கிய ஓப்பன் பாக்ஸுக்கு அது கிடையாது, முழு விலைக்கும் வரி. பில்லிங் ஆள் லேபிளைப் பார்த்து வரி போடக் கூடாது, வாங்கிய விதத்தைப் பார்க்க வேண்டும். அதற்காக ஸ்டாக்கில் "எப்படி வாங்கியது" என்று தனிப் பத்தி.

கடைசியாக ரிட்டர்ன். சீல்டு பேக்காகப் போன ஹெட்ஃபோன் திறந்து திரும்பி வந்தால் பழைய ஸ்டாக் எண்ணுக்குள் அதைச் சேர்க்கக் கூடாது. புதிய எண், முதல் கேள்வியிலிருந்து மறுபடி. இயர் பேடில் லேசாக முடி ஒட்டியிருந்தால் ஒரு நாள் போட்டுப் பார்த்திருந்தாலும் யூஸ்டுதான் என்று வைத்திருக்கிறோம்.