காய்ச்சல் சீசனுக்கு முன்னால் ஒரு தாள்

எங்கள் தையல் பட்டறையில் மொத்தம் 5 பேர். போன காய்ச்சல் சீசனில் கட்டிங் மாஸ்டர் படுத்துவிட்டார். மற்ற 4 பேர் இருந்தும், வெட்டிய துணி இல்லாமல் மிஷின்கள் 3 நாள் சும்மா நின்றன. அந்த ஒரு வேலை ஒரே கையில் இருந்ததுதான் காரணம்.

இந்த முறை முன்கூட்டியே ஒரு தாளில் எல்லா வேலைகளையும் எழுதி, எதிரே அதைத் தனியாகச் செய்யத் தெரிந்தவர்களின் பெயரைக் குறித்தேன். ஒரே பெயர் இருந்த இடங்கள் இரண்டு: கட்டிங், பில் போடுவது. பில் ஒரு மதியத்தில் பழகிவிட்டது. கட்டிங் அப்படி வராது. அதனால் அடிக்கடி வரும் 3 அளவுகளுக்கு மட்டும் மாஸ்டரிடம் அட்டையில் பேட்டர்ன் வெட்டி வாங்கினோம். தையல்காரர் ஒருவர் வாரம் ஒரு நாள், மாஸ்டர் பக்கத்தில் நிற்க, அதை வைத்து வெட்டிப் பழகுகிறார். வேறு அளவு என்றால் மாஸ்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அப்புறம், ஃப்ளூ அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கும். தொற்றியவருக்கு 1 முதல் 4 நாளில் காய்ச்சல் வரும். ஆகவே ஒருவர் படுத்தால் அதே வாரம் இன்னொருவரும் படுப்பார் என்று வைத்து, 2 பேர் இல்லாத கணக்கில்தான் டெலிவரி தேதி சொல்கிறேன்.

மாத்திரை போடாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகுதான் வேலைக்கு வர வேண்டும். அந்த நாட்களுக்குச் சம்பளம் பிடிப்பதில்லை. பிடித்தால், மாத்திரை போட்டுக்கொண்டு வந்து மிஷினில் உட்கார்ந்துவிடுவார்கள்.